இருபது வருடத்தை ஒரு கட்டுரைக்குள் எழுதுவது: எங்கே சுருக்குவது, எங்கே காட்சியாக்குவது

சொந்த வாழ்க்கையைக் கட்டுரையாக எழுத உட்காருகிறவர்களை முதலில் மடக்குவது காலம். சொல்ல வேண்டிய கதை இருபது வருடம் நீள்கிறது. கையில் இருப்பதோ ஐந்தாறு பக்கம். எல்லாவற்றையும் சொல்லப் போனால் கட்டுரை வாழ்க்கைக் குறிப்பு போல ஆகிவிடுகிறது. ஒரே ஒரு நாளை மட்டும் எழுதினால் அந்த நாளுக்குப் பின்னால் இருந்த வருடங்களின் கனம் வாசகருக்குத் தெரிவதில்லை.

இதற்கு எழுத்தாளர்களிடம் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று காட்சி. ஓர் இடம், ஒரு வேளை, அங்கே இருந்தவர்கள், அவர்கள் செய்தது, பேசியது. ஐந்து நிமிடம் நடந்ததைப் படிக்கவும் ஏறக்குறைய அதே நேரம் ஆகும். மற்றொன்று சுருக்கம். அதில் ஐந்து வருடம் நான்கு வரியில் போய்விடும். "உணர்ச்சியைக் காட்சியில் வை, தகவலைச் சுருக்கத்தில் வை" என்று புதிதாக எழுதுகிறவர்களுக்குச் சொல்லித் தருவது வழக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அப்படிப் பிரித்தால் சுருக்கம் முழுவதும் செத்த எழுத்தாகவும், காட்சி முழுவதும் அழுகையாகவும் முடியும். இரண்டிலுமே உயிர் இருக்க வேண்டும். சுருக்கம் சொல்வது திரும்பத் திரும்ப நடந்ததை; காட்சி சொல்வது ஒரே ஒரு முறை நடந்து எதையோ மாற்றிவிட்டுப் போனதை. பிரிக்க வேண்டிய இடம் அதுதான்.

இதை விளக்க ஒரு கட்டுரையை நாமே கட்டிப் பார்க்கலாம். இந்த விளக்கத்துக்காகவே நான் கற்பனை செய்த குடும்பம் இது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூர். பேருந்து நிலையத்துக்கு எதிரில் அப்பாவின் தையல் கடை. 1993இல் திறந்தது, 2015இல் மூடியது. மகள் எழுதுகிறாள். அவள் முதலில் எழுதிய பத்தி இப்படி இருக்கிறது:

"அப்பா கடினமாக உழைத்தார். தீபாவளி சமயத்தில் இரவு பகலாகத் தைத்தார். பிறகு காலம் மாறியது. ரெடிமேட் துணிகள் வந்தன. வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். அப்பா மனம் உடைந்து போனார்."

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் எந்தத் தையல்காரரின் மகளும், கொஞ்சம் சொல் மாற்றினால் எந்தக் கொல்லரின் மகனும், இதையே எழுதியிருக்கலாம். இங்கே தவறு, சுருக்கியதில் இல்லை. சுருக்கும்போது பொருள்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுக் கருத்துகளை மட்டும் வைத்துக்கொண்டதில் இருக்கிறது. "உழைத்தார்", "மாறியது", "உடைந்தார்" என்ற வினைகளில் எதையும் கண்ணால் பார்க்க முடியாது.

அவளிடம் இன்னொரு முயற்சியும் இருக்கிறது. அதில் 1996 தீபாவளி ஒரு காட்சி, 1999 தீபாவளி ஒரு காட்சி, 2001, 2003, 2004 என்று வரிசையாக நீண்டு, மொத்தம் ஏழு காட்சிகள். ஒவ்வொன்றும் தனியாகப் படித்தால் நன்றாகவே இருக்கிறது. சேர்த்துப் படித்தால் களைப்பு தட்டுகிறது. ஏழும் ஒரே குரலில், ஒரே அளவில், ஒரே முக்கியத்துவத்தோடு நிற்பதால் எது திருப்பம் என்று வாசகருக்குத் தெரிவதில்லை. இன்னொரு இழப்பும் உண்டு: காலம் நகர்ந்தது என்ற உணர்வே வருவதில்லை. ஏழு நாள்கள் நடந்ததுபோலத்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் நடந்ததுபோல இல்லை.

ஆகவே முதல் வேலை, எந்த நாள்கள் காட்சி ஆக வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது. ஒரு தாளில் வருடங்களை வரிசையாக எழுதி, நினைவில் நிற்கும் சம்பவங்களைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளச் சொல்வேன். பிறகு ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: இந்த நாளுக்குப் பிறகு எது முன்பு போல நடக்கவில்லை? பதில் இல்லாத சம்பவம் எவ்வளவு அழகாக நினைவில் இருந்தாலும் அது சுருக்கத்துக்குள் ஒரு வரியாகப் போகலாம். தெளிவான பதில் உள்ள நாள்தான் காட்சி.

இந்தக் கேள்வியைக் கேட்டால் எதிர்பாராத ஒன்று நடக்கும். பெரிய நாள்கள் பல கீழே போய்விடும். மகளின் பட்டியலில் கடையைக் காலி செய்த நாள் இருக்கிறது. எல்லோரும் காட்சியாக எழுதத் துடிப்பது அதைத்தான். ஆனால் அந்த நாளில் எதுவும் மாறவில்லை. மாற வேண்டியது எல்லாம் பத்து வருடம் முன்பே மாறி முடிந்துவிட்டது. அதற்கு "2015 தை மாதம் கடையைக் காலி செய்தோம்" என்ற ஒரு வரி போதும், அப்படிக் குட்டையாக நிற்பதுதான் அதற்குப் பலமும் கூட. மாற்றம் நடந்தது 2004இல் ஒரு சாயங்காலம். அப்பாவிடம் பத்து வருடமாகத் துணி தைத்துக்கொண்டிருந்த ஒரு வாத்தியார், கடையில் வாங்கிய ரெடிமேட் பேண்ட்டைக் கொண்டுவந்து உயரம் குறைத்துத் தரக் கேட்ட நாள். அதுவரை அப்பா தைக்கிறவர். அன்றிலிருந்து மற்றவர் தைத்ததைத் திருத்துகிறவர்.

இப்படிச் சலித்தால் மகளுக்கு மூன்று காட்சிகள் மிஞ்சுகின்றன: 1996இல் அவளை முதல்முறையாகக் காஜா எடுக்கவிட்ட இரவு, 2004இல் அந்தப் பேண்ட், கடை மூடிய பிறகு அளவு நோட்டைப் புரட்டியபடி அப்பா ஒவ்வொரு அளவுக்கும் உரிய ஆளின் பெயரைச் சொன்ன ஒரு மதியம். ஆயிரத்து ஐந்நூறு சொல் கட்டுரை என்றால் மூன்று காட்சி தாராளம். ஒவ்வொன்றும் இருநூறு, இருநூற்றைம்பது சொல் எடுக்கும். மீதி ஏறக்குறைய பாதிக் கட்டுரை சுருக்கம். பாதி என்பதைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். சுருக்கம் நன்றாக அமைந்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

சுருக்கத்துக்கு உயிர் கொடுக்கத் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. தினமும் பயன்படுத்துகிறோம், எழுதும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். முன்பு வழக்கமாக நடந்ததைச் சொல்ல நாம் எதிர்கால வினையையே எடுத்துக்கொள்கிறோம். "தாத்தா காலையில் நாலு மணிக்கே எழுந்துவிடுவார்" என்று இறந்துபோன தாத்தாவைப் பற்றிச் சொல்கிறோம். நாளைக்கு எழுவார் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. "எழுந்தார்" என்றால் ஒரு நாள். "எழுந்துவிடுவார்" என்றால் ஒரு வாழ்நாள். இந்த "வார்" வினை வருடங்களைச் சுருக்குகிறது, அதே சமயம் ஒரு செயலைக் கண்முன் நிறுத்துகிறது. மகளின் முதல் பத்தியை அதைக் கொண்டு மாற்றி எழுதலாம்:

"ஐப்பசி நெருங்கினால் அப்பா வீட்டுக்குச் சாப்பிட மட்டும் வருவார். ரசீதில் டெலிவரி தேதி போடும்போது எல்லோருக்கும் ஒரு நாள் கூட்டியே போடுவார். கேட்டால் 'பாபின் நூல் அறுந்தா நேரம் போகும்லா' என்பார். தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போதே 'இனி தீபாவளித் துணி வாங்கப்படாது' என்று அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிடுவார். தொங்கவிட்ட பிறகும் வாங்குவார். நான் ஆறாவது படிக்கும்போது அந்த அட்டை தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில்தான் ஏறியது. அதற்கடுத்த வருடம் ஐந்து நாள். 2003இல் அப்பா அட்டை எழுதவில்லை."

எட்டு வாக்கியம், ஏறக்குறைய பத்து வருடம். "வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள்" என்ற வரி எங்கேயும் இல்லை, ஆனால் குறைந்தது தெரிகிறது. அந்த வேலையைச் செய்வது அட்டை. நீண்ட காலத்தைச் சுருக்கும்போது எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சொல்வதைவிட, வருடா வருடம் திரும்ப வரும் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அது எப்படி மாறியது என்று மட்டும் பின்தொடர்வது நல்லது. அட்டைக்குப் பதில் சட்டைக்கு வாங்கிய கூலியாக இருக்கலாம், கடையில் இருந்த மெஷின்களாக இருக்கலாம். கட்டுரைக்கு ஒன்று போதும். இரண்டு பொருளைப் பின்தொடர்ந்தால் வாசகர் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

அந்தப் பத்தியில் அப்பா ஒரு வரி பேசுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். சுருக்கத்துக்குள் பேச்சு வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. பல தடவை சொன்ன ஒரு சொல்லை "என்பார்" போட்டுச் சேர்த்துவிட்டால், காட்சி அமைக்காமலே குரல் காதில் விழுகிறது.

ஆனால் "வார்" வினையை நீளமாக இழுத்தால் அது தாலாட்டாகிவிடும். வருவார், போவார், சிரிப்பார் என்று ஒரு பக்கம் போனால் கடந்த காலம் முழுக்க ஒரு இனிய மூட்டமாகத் தோன்றும். நடந்தது அப்படி இருந்திருக்காது. அதனால்தான் அந்தப் பத்தியின் முடிவில் "ஏறியது", "எழுதவில்லை" என்று வினை மாறுகிறது. வழக்கம் உடைகிற இடத்தில் வினையும் உடைய வேண்டும்.

காட்சிக்குள் நுழையும் வாசலும் இந்த வினை மாற்றம்தான். மகள் 2004க்குள் நுழைவதைப் பாருங்கள்:

"பேண்ட்டுக்கு உயரம் பார்க்கும்போது அப்பா தரையில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொள்வார். யார் முன்னாலும் அப்படித்தான். சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு 'நேரா நில்லுங்க, கீழ பாக்காதீங்க' என்பார். அந்த வருடம் ஆனி மாதம் ஒரு சாயங்காலம் வாத்தியார் துணிப்பை இல்லாமல், பிளாஸ்டிக் கவரோடு வந்தார்.

'உயரம் மட்டும் கொஞ்சம் குறைக்கணும், அண்ணாச்சி.'

அப்பா கவரிலிருந்து பேண்ட்டை எடுத்தார். உள்பக்கம் திருப்பினார். கால் மடிப்பை விரலால் தடவிக்கொண்டே வந்து இடுப்புப் பட்டியில் நின்றார். 'தையல் நல்லாத்தான் இருக்கு' என்றார். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா முழங்காலை ஊன்றி உட்கார்ந்து உயரம் பார்த்தார். 'எவ்வளவு ஆகும்?' என்று வாத்தியார் கேட்டதற்கு, 'குடுக்கறத குடுங்க சார்' என்றார். நான் காஜா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்."

"ஊன்றிக்கொள்வார்", "என்பார்" என்று வந்துகொண்டிருந்த ஓட்டம் "வந்தார்" என்ற ஒரு வினையில் நிற்கிறது. "ஒரு சாயங்காலம்" என்ற சொல்லும் சேர்ந்ததும், இது ஒருமுறை நடந்தது என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. "எனக்கு இன்றும் நினைவிருக்கிறது", "அந்த நாளை மறக்க முடியாது" போன்ற முன்னறிவிப்பு தேவைப்படவில்லை.

இன்னொரு காரியமும் நடந்திருக்கிறது. முழங்காலை ஊன்றுவது சுருக்கத்தில் வழக்கமாக முதலில் வந்துவிட்டது. காட்சியில் அதே செயல் திரும்ப வரும்போது வாசகர் அதை வேறு விதமாகப் பார்க்கிறார். பத்து வருடம் ஊன்றிய முழங்கால் என்று அவருக்குத் தெரியும். மகள் "அப்பாவுக்கு அவமானமாக இருந்தது" என்று எழுத வேண்டியதில்லை. காட்சியின் உணர்ச்சிக்குத் தேவையானதை அதற்கு முன்னால் வரும் சுருக்கத்தில் சேர்த்துவைப்பது என்பது இதுதான். காட்சி வலுவில்லாமல் தோன்றினால் காட்சியைத் திருத்துவதற்கு முன் அதற்கு முந்தைய பத்தியைப் பாருங்கள். பல நேரம் குறை அங்கேதான் இருக்கும்.

வெளியே வருவதும் அதே வழியில்தான். "அதற்குப் பிறகு சுவரோர மேசையில் ஆல்டர் துணிகள்தான் குவியும். அப்பா அவற்றுக்கு ரசீது போடமாட்டார்." மறுபடி வழக்கம், மறுபடி வருடங்கள். ஆனால் இப்போது வேறு வழக்கம். இரண்டு சுருக்கங்களுக்கு நடுவே ஒரு காட்சி நின்று, முன் வழக்கத்தையும் பின் வழக்கத்தையும் பிரிக்கிறது. இருபத்திரண்டு வருடமும் அந்த இடைவெளியில் உணரப்படுகிறது.

சுருக்கத்தையே காட்சிக்குள் வைக்கும் வழியும் உண்டு. தமிழில் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதில் 1880ஆம் வருடம் அக்டோபர் 21ஆம் தேதி கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததை அவர் காட்சியாக எழுதியிருக்கிறார். முதலியார் அங்கே முன்சீபாக வந்தவர். சாமிநாதையர் அந்த வருடம்தான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனவர். யாரிடம் பாடம் கேட்டீர்கள், என்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்கிறார். சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை, அவற்றைப் படித்து என்ன பயன் என்று கேட்கிறார். புராணங்களும் கம்பராமாயணமும் வரிசையில் வருகின்றன. அவ்வளவுதானா என்கிறார். பிறகு சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார்.

பல வருடக் குருகுல வாசம் முழுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அது சுருக்கம்தான். ஆனால் ஆசிரியர் அதை நேராக நம்மிடம் தருவதில்லை. காட்சியில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிறார், கேட்பவர் அதைப் பொருட்படுத்தவில்லை. நூலின் முந்தைய பகுதிகளில் அந்தப் படிப்பு எவ்வளவு பாடுபட்டுக் கிடைத்தது என்று வாசகர் விரிவாகப் படித்திருப்பதால், ஒவ்வொரு நூல் பெயரும் கீழே விழும்போது சத்தம் கேட்கிறது. மாற்றம் நடந்த நாள் எது என்ற கேள்விக்கும் இது நல்ல விடை. அவர் பதிப்பித்த சீவகசிந்தாமணி அச்சில் வந்தது 1887இல். ஆனால் வாழ்க்கை திரும்பியது அந்த 1880 உரையாடலில்.

இனி, காட்சிகள் கெட்டுப்போகும் இரண்டு விதங்கள். இவை அடிக்கடி நடப்பவை.

முதலாவது, பின்னால் தெரிந்ததைக் காட்சிக்குள் கொண்டுவருவது. "அதுதான் முடிவின் தொடக்கம் என்று அன்று எனக்குத் தெரியாது" என்ற வரி வந்த நிமிடத்தில் வாசகர் கடையிலிருந்து எழுந்து வெளியே வந்துவிடுகிறார். காட்சியில் இருப்பவள் காஜா ஊசியோடு உட்கார்ந்திருக்கும் பெண். அவளுக்குத் தெரிந்தது மட்டுமே அங்கே இருக்கலாம். இன்றைக்கு எழுதுகிறவளின் அறிவுக்கு இடம் சுருக்கம். அங்கே அவள் தாராளமாகப் பேசலாம், வருந்தலாம், தீர்ப்பும் சொல்லலாம். கண்டுபிடிப்பது எளிது: காட்சிப் பத்திகளை மட்டும் தனியாக எடுத்து, அந்த நாளில் அங்கே இருந்தவர் சொல்ல முடியாத வாக்கியம் எது என்று கோடிட்டுப் பாருங்கள். கோடிட்டவற்றில் பாதியை நீக்கலாம். மீதியை முன்னாலோ பின்னாலோ வரும் சுருக்கத்துக்கு நகர்த்தலாம்.

இரண்டாவது, நினைவில் இல்லாததை இட்டு நிரப்புவது. காட்சி என்றால் விவரம் வேண்டும் என்று கேள்விப்பட்டு, அன்று தூறல் போட்டது, பக்கத்து டீக்கடையில் பாட்டு ஓடியது, வாத்தியார் நீலச் சட்டை போட்டிருந்தார் என்று சேர்ப்பார்கள். இது கதை அல்ல, நடந்ததாகச் சொல்லும் கட்டுரை. அதனால் நேர்மைப் பிரச்சினை; எழுத்துப் பிரச்சினையும் கூட. இட்டு நிரப்பிய விவரம் பெரும்பாலும் யாருக்கும் தோன்றக்கூடிய விவரமாக இருக்கும். நிஜமாக நினைவில் நிற்பது விசித்திரமாக, ஓரத்தில் இருக்கும். இடுப்புப் பட்டியில் நின்ற விரல் மாதிரி. பேச்சிலும் அப்படியே: இருபது வருடம் கழித்து ஒரு உரையாடலில் இரண்டு வரி நினைவிருந்தால் அதிகம். அந்த இரண்டை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். மற்றவற்றை "என்ன ஆகும் என்று கேட்டார்", "ஏதோ சொல்லிச் சமாளித்தார்" என்று தள்ளி வைத்துச் சொல்லுங்கள். மறந்ததை மறந்ததாக எழுதுவதும் காட்சிக்குள் செல்லும்: "அப்பா என்ன பதில் சொன்னார் என்று நினைவில்லை, கத்தரியை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்தது நினைவிருக்கிறது." விவரம் போதவில்லை என்றால் அந்த நாளைக் காட்சியாக்க வேண்டாம், நினைவில் உள்ள ஒரு கைச்செயலோடு நாலு வரிச் சுருக்கமாக விடலாம்.

எழுதி முடித்த படியைச் சரிபார்க்க நான் சொல்லும் வழி, இரண்டு நிறப் பேனா. காட்சி வரிகளின் ஓரத்தில் ஒரு நிறம், சுருக்க வரிகளின் ஓரத்தில் இன்னொன்று. இரண்டு பக்கத்துக்கு மேல் ஒரே நிறம் ஓடினால் அங்கே நிறுத்திப் பாருங்கள். அது சுருக்க நிறமாக இருந்தால், அந்தப் பகுதியில் ஒரு வழக்கம் உடைந்த நாள் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். காட்சி நிறமாக இருந்தால், அவற்றில் எது இல்லாவிட்டாலும் அடுத்த வழக்கம் மாறாது என்று பார்த்து, அதை ஒரு "வார்" வாக்கியமாக மடக்க வேண்டும். ஒவ்வொரு காட்சியும் முடிகிற இடத்தில் கடைசி இரண்டு வாக்கியங்களைத் தனியாகப் படியுங்கள். காட்சிக்கு விளக்கம் சொல்லும் வாக்கியம் அங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கும். மகளின் படியில் "நான் காஜா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்" என்ற வரிக்குப் பின்னால் "அன்று அப்பாவின் கண்களில் ஒரு யுகத்தின் வீழ்ச்சியைக் கண்டேன்" என்று இன்னொரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டு, அடுத்த வரியாக ஆல்டர் துணிகளுக்கு ரசீது போடாத வழக்கத்தை வைத்தாள்.